வரைவு அவர் மேசையில், காலக்கெடு உங்கள் தலையில்

கேள்வி: ஐயா, வணக்கம். வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது நான்காம் ஆண்டு. சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தை நீக்கும் கரியைப் பற்றிய என் முதல் கட்டுரையின் வரைவைப் பிப்ரவரி 12-ஆம் தேதி நெறியாளருக்கு அனுப்பினேன். சென்ற ஆண்டு அவர் புலத்தலைவர் ஆனதிலிருந்து அவரைப் பிடிப்பதே அரிதாகிவிட்டது. ஐந்து முறை நினைவூட்டினேன். இரண்டு முறை ‘பார்க்கிறேன்’ என்று பதில் வந்தது. இப்போது ஜூலை முதல் வாரம். அடுத்த ஆண்டு மே 31-க்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதற்குள் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவரைக் கேட்காமலே அனுப்பிவிடு என்கிறாள் தோழி. பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சலும் வந்திருக்கிறது. நெறியாளரையே மாற்றிக்கொள்ளலாமா என்றும் தோன்றுகிறது. வரைவை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

— ஓர் ஆய்வு மாணவி

பதில்:

அம்மா, முதலில் ஒரு சின்னக் கண்டிப்பு. இன்னும் வெளிவராத வரைவை, அதில் பெயர் உள்ள இன்னொருவருக்குத் தெரியாமல், முன்பின் அறியாத எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். படித்தேன், அழித்துவிட்டேன். இனி யாருக்கும் இப்படி அனுப்பாதீர்கள். ஆனால் படித்ததில் ஒரு பயன் உண்டு. வேலை நன்றாகவே வந்திருக்கிறது. அது ஐந்து மாதமாகப் படிக்கப்படாமல் கிடப்பதற்கான காரணங்களில் ஒன்று அந்த வரைவிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தோழியின் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். அவரைக் கேட்காமல் அனுப்ப முடியாது. கட்டுரையை இணையத்தில் சமர்ப்பிக்கும்போது ஒவ்வோர் ஆசிரியரின் மின்னஞ்சலையும் கேட்பார்கள். பெரும்பாலான ஆய்விதழ்களின் அமைப்பு அடுத்த சில நிமிடங்களில் அத்தனை பேருக்கும் தானாகவே கடிதம் அனுப்பிவிடும். நீங்கள் சொல்வதற்கு முன்பே இதழ் அவரிடம் சொல்லிவிடும். அதோடு, ‘எல்லா ஆசிரியர்களும் இந்தப் பிரதியைப் படித்து ஒப்புதல் தந்துவிட்டார்கள்’ என்ற உறுதிமொழியிலும் நீங்கள்தான் டிக் செய்ய வேண்டியிருக்கும். அது பொய்யென்று பின்னால் தெரிந்தால், ஏற்கப்பட்ட கட்டுரையைக்கூடத் திரும்பப் பெறுவார்கள்.

சரி, அவர் பெயரையே எடுத்துவிட்டால்? அதுவும் முடியாது. யார் ஆசிரியர் என்பதற்கு மருத்துவ ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை மற்றத் துறையினரும் அளவுகோலாக எடுத்துக்கொள்வது உண்டு. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. எழுதுவதில் அல்லது ஆழ்ந்து திருத்துவதில் பங்கு. இறுதிப் பிரதிக்கு ஒப்புதல். வேலை முழுவதற்கும் பொறுப்பேற்றல். நான்கும் வேண்டும். இதைப் படித்ததும் ஒரு குறுக்குப் புத்தி வரும்: ‘அவர் திருத்தவில்லை, ஒப்புதலும் தரவில்லை, அப்படியானால் அவர் ஆசிரியரே இல்லையே!’ பல மாணவர்கள் என்னிடம் இந்த வாதத்தோடு வந்திருக்கிறார்கள். அந்த வழிகாட்டுதலே இந்தக் கதவையும் மூடி வைத்திருக்கிறது. முதல் நிபந்தனைக்குத் தகுதியானவருக்கு மற்ற மூன்றையும் நிறைவேற்றும் வாய்ப்பைத் தந்தாக வேண்டும். வாய்ப்பை மறுத்து ஒருவரை நீக்கக் கூடாது. கரியைத் தேர்ந்தெடுத்ததும் சோதனைகளைத் திட்டமிட்டதும் அவரோடு சேர்ந்துதான் என்று உங்கள் வரைவின் முன்னுரையே சொல்கிறது.

ஆக, உங்கள் கடமை அவருக்கு வாய்ப்புத் தருவது. ஆனால் ‘வாய்ப்பு’ என்பது முடிவில்லாத காத்திருப்பு என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. தேதி குறித்த வாய்ப்பும் வாய்ப்புத்தான். இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்தத் தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்குள் அவரை எப்படிப் பதில் சொல்ல வைப்பது என்பதைப் பற்றியதுதான்.

‘ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொல்கிறார்கள்? ‘வந்திருக்க’ என்றால் அச்சேறியிருக்கவா, ஏற்கப்பட்டிருக்கவா, அனுப்பப்பட்டிருந்தால் போதுமா? இந்த மூன்றுக்கும் நடுவே பல மாதங்கள் இருக்கின்றன. நான்காம் ஆண்டு மாணவர்களில் பாதிப் பேர் இந்த விதியைச் சீனியர் வாயால்தான் கேட்டிருப்பார்கள். இன்றே விதி நூலை எடுத்து அந்த வரியைப் படியுங்கள். எந்தெந்த இதழ்ப் பட்டியல் செல்லும், மாநாட்டுத் தொகுப்பில் வந்தால் கணக்கில் வருமா என்பதையும் பாருங்கள். ஐயம் இருந்தால் ஆய்வுப் பிரிவு அலுவலகத்துக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகக் கிடைத்த பதில் அடுத்த மே மாதம் உங்களுக்குத் துணை வராது.

‘ஏற்கப்பட்டிருக்க வேண்டும்’ என்பதே விதி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நீங்கள் அனுப்ப நினைக்கும் இதழில் அண்மையில் வந்த பத்துக் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் முதல் பக்கத்திலோ கடைசியிலோ, கட்டுரை எந்தத் தேதி வந்தது, எந்தத் தேதி ஏற்கப்பட்டது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இடைப்பட்ட நாட்களை எண்ணி ஏறுவரிசையில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி ஒரு வரிசை வருகிறது என்று கொள்வோம்: 71, 84, 96, 103, 118, 127, 140, 155, 190, 262. நடுவில் நிற்பது ஏறக்குறைய நான்கு மாதம். ஆனால் நடுவில் நிற்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதலாக ஆகியிருக்கிறது. ஒன்பதாவது எண்ணை, அதாவது 190-ஐ எடுங்கள். அதோடு, இந்தப் பத்தும் பிழைத்து வந்த கட்டுரைகள் என்பதையும் மறக்காதீர்கள். நிராகரிக்கப்பட்டவை இந்தக் கணக்கிலேயே இல்லை. சில இதழ்கள் பெரிய திருத்தம் கேட்பதற்குப் பதிலாக ‘நிராகரித்தோம், திருத்திப் புதிதாக அனுப்புக’ என்று சொல்லி, வந்த தேதியைப் புதிதாகப் போட்டுக்கொள்வதும் உண்டு.

ஆகவே முதல் இதழ் மூன்று மாதம் வைத்திருந்து நிராகரிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது 90 நாள். மதிப்பாய்வாளர்கள் சொன்னதைச் சரிசெய்து அடுத்த இதழின் வடிவத்துக்கு மாற்ற 20 நாள். இரண்டாவது இதழில் 190 நாள். மொத்தம் 300. மே 31-இலிருந்து 300 நாள் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் 4. உங்கள் காலக்கெடு மே மாதம் இல்லை, இதுதான். நீங்கள் எழுதிய நாளிலிருந்து நான்கே வாரம். உங்கள் இதழின் பத்து எண்களை வைத்து நீங்களே இதைத் திரும்பக் கணக்கிட வேண்டும். நான் போட்டது மாதிரிக் கணக்கு.

இந்தத் தேதியின் பெரிய பயன் உங்கள் நெறியாளருக்குத்தான். ‘மே மாதத்துக்குள் வேண்டும்’ என்று கேட்டால் ஜூலையில் இருப்பவருக்கு அது தூரத்து இடி. ‘ஆகஸ்ட் 4 தாண்டினால், ஒரே ஒரு நிராகரிப்பு வந்தாலும் ஆய்வேடு தவறிவிடும்’ என்று எண்களோடு காட்டினால் அவருக்கும் உறைக்கும். அவருடைய மாணவி காலநீட்டிப்புக்கு விண்ணப்பித்தால் அதில் கையெழுத்துப் போட்டு விளக்கம் சொல்ல வேண்டியவரும் அவர்தானே.

இனி அந்த மேசைக்கு வருவோம். அதன் மறுபக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். துறைத்தலைவராக இருந்த மூன்று ஆண்டுகளில் ஒரு மாணவனின் வரைவு ஏழு மாதம் என் கைப்பையிலேயே ஊர் சுற்றியது. அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல மாணவன், நல்ல கட்டுரை, அதனாலேயே ‘நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டும்’ என்று தள்ளி வைத்தேன். அந்த நிதானமான மூன்று மணி நேரம் ஏழு மாதத்தில் ஒரு நாளும் வாய்க்கவில்லை. ஒரு மாலை அவன் என் அறை வாசலில் ஒரே ஒரு தாளோடு நின்றான். இரண்டே கேள்விகள். மூன்றாம் படம் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா? முடிவுரையில் சொல்லும் விளக்கத்தை உறுதியாகச் சொல்லவா, ‘இருக்கலாம்’ என்று சொல்லவா? பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே இரண்டுக்கும் பதில் சொன்னேன். மூன்று வாரத்தில் கட்டுரை போய்விட்டது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பிற்பாடு கேட்டேன். ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவன் அக்கா சொன்னாராம்: ‘அதிகாரியிடம் கோப்பை நீட்டாதே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நீட்டு.’

உங்கள் பிப்ரவரி மின்னஞ்சலையும் அடியில் ஒட்டியிருந்தீர்கள். ‘ஐயா, வரைவை இணைத்துள்ளேன், தயவுசெய்து பார்த்துக் கருத்துச் சொல்லவும்.’ இணைப்பில் 27 பக்கம், 11 படங்கள். பிறகு ஐந்து நினைவூட்டல்களும் அதே வாக்கியம்தான், ‘தாழ்மையுடன்’ மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இதற்கு அவர் என்ன பதில் எழுத முடியும்? முழுவதையும் படித்தால் ஒழிய எழுதக்கூடிய ஒரே பதில் ‘பார்க்கிறேன்.’ அதைத்தான் எழுதியிருக்கிறார்.

வரைவுக்குள் இருக்கும் காரணம் இதுதான். நீங்களே முடிவெடுக்காமல் விட்ட இடங்கள் மூன்று இருக்கின்றன. அவற்றை 27 பக்கங்களுக்குள் புதைத்துவிட்டு, அவர் தோண்டி எடுத்துத் தீர்ப்புச் சொல்வார் என்று காத்திருக்கிறீர்கள்.

முதலாவது, நான்காம் படம். சாய மூலக்கூறுகள் கரியின் பரப்பில் ஒட்டும் விதம் லாங்முயர் சமன்பாட்டுக்கு அழகாகப் பொருந்துகிறது, பொருத்தத்தின் அளவான R² 0.998 என்று எழுதியிருக்கிறீர்கள். அது சமன்பாட்டை நேர்கோடாக மாற்றி வரைந்த படம். அந்த வடிவத்தில் கரைசலின் சமநிலைச் செறிவு கிடை அச்சிலும் இருக்கிறது, குத்து அச்சில் உள்ள பின்னத்தின் தொகுதியாகவும் இருக்கிறது. ஒரே அளவு இரண்டு அச்சிலும் இருந்தால் கோடு நேராக வருவதில் வியப்பில்லை; சுமாரான தரவுக்கும் அந்த எண் 0.99-ஐத் தொட்டுவிடும். பின்னிணைப்பில் நீங்களே நேர்கோடாக்காமல் வளைகோடாகவே பொருத்திப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே லாங்முயர் 0.96, அதற்குப் போட்டியான ஃபிராய்ண்ட்லிக் சமன்பாடு 0.97. அதாவது எது சரி என்று இந்தத் தரவு சொல்லவில்லை. உங்களுக்கு இது தெரிந்திருக்கிறது, அதனால்தான் பின்னிணைப்பில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கவனமான மதிப்பாய்வாளர் முதலில் கை வைக்கும் இடம் இது.

இரண்டாவது, பி.எச். 6-இல் செய்த அளவீடு. மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் மூன்று முறை செய்திருக்கிறீர்கள். இதற்கு மட்டும் இரண்டு. அட்டவணையின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் அதைச் சொல்லியும் இருக்கிறீர்கள். மூன்றாவது, எந்த இதழ் என்பது. வரைவு எந்த இதழின் வடிவத்திலும் இல்லை.

இந்த மூன்றையும் வெளியே எடுத்து, உங்கள் முடிவையும் சேர்த்து அவர் முன் வையுங்கள். நானாக இருந்தால் மின்னஞ்சலை இப்படி எழுதுவேன்:

“பொருள்: கரி கட்டுரை – மூன்று முடிவுகள், ஜூலை 18-க்குள் தேவை

ஐயா, வணக்கம். மே 31-இல் ஆய்வேடு சமர்ப்பிக்க, இந்தக் கட்டுரை ஆகஸ்ட் 4-க்குள் இதழுக்குப் போக வேண்டும். கணக்கு ஒரு பக்கத்தில் இணைப்பில் உள்ளது. முழு வரைவை இப்போது படிக்க வேண்டியதில்லை. கீழே உள்ள மூன்றுக்கும் ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்று சொன்னால் போதும்.

ஒன்று: நான்காம் படத்தில் நேர்கோட்டுப் பொருத்தத்தை எடுத்துவிட்டு வளைகோட்டுப் பொருத்தத்தைப் போடுகிறேன். லாங்முயர், ஃபிராய்ண்ட்லிக் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். புதிய படம் இதோ.

இரண்டு: பி.எச். 6 அளவீட்டை மூன்றாம் முறையும் செய்துவிட்டேன். அந்த எண்ணையும் சேர்க்கிறேன்.

மூன்று: முதலில் இந்த இதழுக்கும், அவர்கள் மறுத்தால் அந்த இதழுக்கும் அனுப்புகிறேன். இரண்டுமே நம் பட்டியலில் இருப்பவை.

இவற்றைச் சேர்த்த இறுதிப் பிரதியை ஜூலை 25 அன்று, மாற்றிய இடங்களுக்கு நிறமிட்டு அனுப்புகிறேன். ஆகஸ்ட் 1-க்குள் தங்கள் ஒப்புதல் வேண்டும்.”

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதவில்லை. முதல் இரண்டு கேள்விகளுக்கு அப்படி எழுதினால் தவறில்லை, அவை வேலையின் போக்கைப் பற்றியவை. இறுதிப் பிரதியை அனுப்புவதற்கு அப்படி எழுதக் கூடாது. அங்கே மௌனம் சம்மதம் ஆகாது.

18-ஆம் தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால் ஆறாவது நினைவூட்டலை எழுதாதீர்கள். புலத்தலைவரின் நாட்குறிப்பை அவர் வைத்திருப்பதில்லை, அவர் அலுவலக உதவியாளர் வைத்திருப்பார். அந்த உதவியாளரிடம் போய்ப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். ‘கட்டுரை பற்றிப் பேச வேண்டும்’ என்று சொல்லாமல், ‘மூன்று கேள்வி, பதினைந்து நிமிடம், கையில் இரண்டு தாள்’ என்று சொல்லுங்கள். புதிய நான்காம் படத்தையும் அந்த மின்னஞ்சலையும் அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள், மடிக்கணினியைத் திறக்காதீர்கள். அது திறந்து படம் வருவதற்குள் அவர் தொலைபேசி அடித்துவிடும். அன்று மாலையே ‘இன்று பேசி முடிவு செய்தவை’ என்று நான்கு வரி எழுதி அவருக்கு அனுப்புங்கள். இரண்டு மாதம் கழித்து ‘நான் எப்போது சரி என்றேன்?’ என்ற கேள்வி வந்தால் அந்த நான்கு வரி பேசும். எல்லா நெறியாளர்களும் கேட்பவர்கள்தான் இந்தக் கேள்வியை. பலருக்கு உண்மையாகவே நினைவிருக்காது.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: ‘முழுப் பிரதியையும் படிக்க நேரம் கிடைக்காது என்றால், நம் ஆய்வுக் குழுவிலிருந்து ஒருவர் வரி வரியாகப் படித்துத் திருத்தட்டும். திருத்தங்கள் தெரியும் பிரதியைத் தாங்கள் பார்த்து ஒப்புதல் தந்தால் போதுமா?’ வேலை மிகுந்த நெறியாளர்கள் இதை மறுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. தாமே படிக்க வேண்டும் என்ற குற்றவுணர்வில்தான் பாதி நேரம் வரைவு தேங்குகிறது. படித்துத் தருபவருக்கு நன்றியுரையில் இடம் கொடுங்கள். வெறும் மொழித் திருத்தத்துக்கு ஆசிரியர் பட்டியலில் இடம் தர வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஆகஸ்ட் 4-உம் கடந்துவிட்டால், விஷயத்தை, உங்கள் முன்னேற்றத்தை மதிப்பிடும் ஆய்வுக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். அடுத்த அரையாண்டுக் கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள், குழு உறுப்பினர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். எழுதும்போது ‘நெறியாளர் படிப்பதில்லை’ என்று எழுதினால் அது புகார். குழு இரண்டு கட்சியாகப் பிரியும். ‘முதல் வரைவு பிப்ரவரி 12-இல் அனுப்பப்பட்டது. இறுதிப் பிரதி ஜூலை 25-இல் அனுப்பப்பட்டது. ஒப்புதல் நிலுவையில் உள்ளது. மே 31-இல் ஆய்வேடு சமர்ப்பிக்க, இந்த மாதத்துக்குள் கட்டுரை போக வேண்டும். வழிகாட்டக் கோருகிறேன்’ என்று எழுதினால் அது நிலவரம். நிலவரத்துக்கு யாரும் கோபப்பட முடியாது, பதில் சொல்லத்தான் வேண்டும். முன்னேற்ற அறிக்கைப் படிவத்தில் ‘இடர்ப்பாடுகள்’ என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் ஆண்டுதோறும் ‘இல்லை’ என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். கால நீட்டிப்புக் கேட்க வேண்டி வந்தால் முதலில் புரட்டப்படும் தாள் அதுதான். வாயில்லாப் பிள்ளையாக நான்கு ஆண்டும் ‘இல்லை’ என்று எழுதியவருக்கு ஐந்தாம் ஆண்டில் வாதாட வழியில்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நெறியாளரை மாற்றுவதைப் பற்றி. நான்காம் ஆண்டில், பத்து மாதம் மிச்சம் இருக்கையில், வேண்டாம். புதியவர் உங்கள் தலைப்பை ஏற்க வேண்டும், குழு கூட வேண்டும், பழைய ஆய்வகத்தில் எடுத்த தரவை யார் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்க வேண்டும். உங்கள் கட்டுரையில் பழையவர் பெயர் அப்போதும் இருக்கும், அவர் ஒப்புதலும் அப்போதும் வேண்டும். எதிலிருந்து தப்பிக்கிறீர்களோ அது பின்னாலேயே வரும். அவர் உங்களை மிரட்டினாலோ, உங்கள் வேலையை வேறொருவர் பெயரில் போட்டாலோ, முறைகேடாக நடந்துகொண்டாலோ பேச்சு வேறு. அப்போது பத்து மாதக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. நீங்கள் சொல்வதிலிருந்து இவர் வேலைப்பளுவில் மூழ்கியவர், அவ்வளவுதான். இணை நெறியாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள உங்கள் விதியில் இடமிருந்தால், அதை அவரிடமே யோசனையாகச் சொல்லுங்கள். புலத்தலைவர் பதவியில் இருப்பவருக்கு அது சுமை குறைவதாகத்தான் தெரியும்.

கடைசியாக அந்தப் பத்து நாள் இதழ். ஒரு கட்டுரைக்கு ஒப்புக்கொள்ளும் இரண்டு மதிப்பாய்வாளர்களைத் தேடிப் பிடிப்பதற்கே பதிப்பாசிரியருக்குப் பல வாரம் ஆவது சாதாரணம். பத்து நாளில் வெளியீட்டையே உறுதி சொல்பவர்கள், படிக்கப்போவதில்லை என்பதைத்தான் முன்கூட்டியே சொல்கிறார்கள். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே அடிப்படைப் பிழைகளை வைத்து எழுதிய ஒரு போலிக் கட்டுரையை, எழுதியவரிடம் கட்டணம் வாங்கி வெளியிடும் 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. உங்களுக்கு வந்த மின்னஞ்சல் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க, அதில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். உண்மையான இதழின் பெயரையும் பதிவு எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். இணைப்பு அங்கேதான் கொண்டுபோகும். உங்கள் விதியில் உள்ள பட்டியலுக்குத் தனியாகப் போய், அங்கிருந்து இதழின் தளத்தைத் திறந்து, இரண்டு முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். பதிப்பாசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்தைத் தேடி, அவர் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். உங்கள் நூலகரிடம் கேட்டால் பத்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பணம் போவதைவிட மோசமான விளைவு வேறு. அங்கே அனுப்பிய பிறகு மனம் மாறித் திரும்பக் கேட்டால், திரும்பப் பெறக் கட்டணம் கட்டு என்பார்கள், அல்லது பதிலே சொல்லாமல் வெளியிட்டுவிடுவார்கள். ஒருமுறை வெளிவந்துவிட்டால் அதே கட்டுரையை நல்ல இதழ் எதுவும் தொடாது. பட்டியலில் இல்லாத இதழ் என்பதால் உங்கள் பல்கலைக்கழகமும் கணக்கில் எடுக்காது. நான்கு ஆண்டில் செய்த உங்கள் சிறந்த வேலை, எந்தக் கணக்கிலும் வராத ஓரிடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். அதற்கும் நெறியாளரின் ஒப்புதல் வேண்டும் என்பதை வேறு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையை எல்லோரும் படிக்க வைக்கும் முன்பதிப்புத் தளத்தில் ஏற்றிவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கும் அதே ஒப்புதல்தான். கிடைத்த பிறகு, இதழின் கொள்கை அனுமதித்தால் அனுப்பும் நாளிலேயே ஏற்றிவிடலாம். வேலை உங்களுடையது என்பதற்குத் தேதியோடு ஒரு சான்று கிடைக்கும். ‘ஏற்கப்பட்ட கட்டுரை’ என்ற விதிக்கு அது ஈடாகாது.

பி.எச். 6 அளவீட்டுக்கு அவர் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். கருவி எந்த நாள் காலியாக இருக்கிறது என்று நாளைக் காலையே பதிவேட்டில் பார்த்து உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். மூன்றாவது எண் முதல் இரண்டிலிருந்து விலகி நின்றால், மேலே உள்ள மின்னஞ்சலில் இரண்டாம் கேள்வியை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அதனால் அளவீட்டை முடித்துவிட்டு அனுப்புங்கள்.